ஆறு மாதம் முடிந்தது, கடிதம் வரவில்லை

என் அக்கா மகள் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 2024 ஜூன் 10-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தாள். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "மாமா, ஆறு மாசம் முடிஞ்சா தானா பர்மனென்ட் ஆயிடுவோமா? எனக்கு லெட்டர் எதுவும் வரல. மேனேஜர்கிட்ட கேட்டா, அதெல்லாம் ஆட்டோமேட்டிக்மான்னு சொல்றார்."

இருபது வருடம் நிறுவனங்களின் பணியாளர் பிரிவில் இருந்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. அவளிடம், "ஆஃபர் லெட்டரை எடுத்துட்டு வா" என்றேன்.

பிளாஸ்டிக் உறைக்குள் நாலு பக்கம். முதல் பக்கத்தில் சம்பளம் எழுதியிருந்த இடம் மட்டும் பலமுறை பிரித்துப் பார்த்ததில் கசங்கியிருந்தது. மூன்றாம் பக்கம் புதிதாகவே இருந்தது. புரொபேஷன் பற்றி அங்கேதான் இருந்தது. அதன் சாரம் இது: சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் தகுதிகாண் காலம், நிறுவனம் விரும்பினால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், எழுத்துமூலம் உறுதி செய்யப்படும் வரை ஊழியர் தகுதிகாண் காலத்திலேயே இருப்பதாகக் கருதப்படுவார். தகுதிகாண் காலத்தில் இரு தரப்புக்கும் 15 நாள் நோட்டீஸ், உறுதி செய்யப்பட்ட பிறகு 60 நாள்.

அரசு வேலையில் 'தகுதிகாண் பருவம்' என்பதையே தனியாரில் புரொபேஷன் என்கிறோம். நிரந்தர இடத்துக்குத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு நீங்கள் பொருந்துகிறீர்களா என்று பார்க்க ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். பொருந்துகிறார் என்று எழுதிக் கொடுப்பது கன்ஃபர்மேஷன். இவ்வளவுதான் பொருள். முதல் காலம் எப்போது முடிந்து இரண்டாவது தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். அதை முடிவு செய்வது காலண்டர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முடிவு செய்வது ஆஃபர் லெட்டரில் இருக்கும் அந்த ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியம் பொதுவாக இரண்டு விதமாக வரும். ஒன்று, 'ஆறு மாதம் முடிந்ததும், நீட்டிப்புக் கடிதம் தரப்படாவிட்டால், பணி உறுதி செய்யப்பட்டதாகக் கருதப்படும்' என்பது. இப்படி இருந்தால் கடிதம் வராமல் போவது உங்களுக்குச் சாதகம். இன்னொன்று அக்கா மகளின் கடிதத்தில் இருந்த மாதிரி: எழுதித் தரும் வரை புரொபேஷன்தான். இங்கே எட்டு மாதம் ஆனாலும் பத்து மாதம் ஆனாலும், கடிதம் வராத வரை நீங்கள் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள்.

நீதிமன்றங்களும் இப்படித்தான் வாக்கியத்தைப் பார்த்திருக்கின்றன. பஞ்சாப் கல்விப் பணியாளர்கள் தொடர்பாக 1968-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவான தரம் சிங் வழக்கில், தகுதிகாண் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் என்று விதி சொன்னது. மூன்று ஆண்டுக்குப் பிறகும் அவர்களை வேலையில் தொடர விட்டிருந்தார்கள். உறுதி செய்யும் ஆணை மட்டும் இல்லை. அதற்கு மேல் நீட்ட விதியில் இடமே இல்லாதபோது, தொடரவிட்டதே உறுதி செய்ததாகும் என்றது நீதிமன்றம். 2001-இல் மத்தியப் பிரதேச நீதித்துறை அலுவலர் ஒருவரின் வழக்கில் முடிவு வேறாக வந்தது. அங்கே உச்ச வரம்பு இருந்தாலும், தகுதி பார்த்துத் தனியாக உறுதி செய்ய வேண்டும் என்றும் விதி கேட்டது. அதனால் காலம் கடந்தது மட்டும் போதாது என்றார்கள். இரண்டும் அரசுப் பணி வழக்குகள். தனியார் வேலையில் விதியின் இடத்தில் உங்கள் கடிதம் இருக்கிறது. அதிகபட்ச வரம்பு எழுதியிருக்கிறதா, எழுத்துமூல உறுதி கேட்கிறதா என்ற அந்த இரண்டையும்தான் அதிலும் தேட வேண்டும்.

சரி, கடிதம் ஏன் வரவில்லை? பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதமோ பதினைந்து நாளோ இருக்கும்போது எச்.ஆர். பிரிவிலிருந்து மேலாளருக்கு ஒரு மதிப்பீட்டுப் படிவம் போகும். வருகை, வேலையின் தரம், கற்றுக்கொள்ளும் வேகம், சக ஊழியர்களுடன் பழகும் விதம் என்று நாலைந்து வரி. கடைசியில் மூன்று கட்டம்: உறுதி செய்யலாம், நீட்டிக்கலாம், விடுவிக்கலாம். மேலாளர் ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்திட்டால்தான் கடிதம் அச்சாகும். மாதக் கடைசி கணக்கு, ஆடிட் என்று ஓடும் மேலாளரின் மேஜையில் அந்தப் படிவம் டைரிக்கு அடியில் வாரக்கணக்கில் கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனோ பெண்ணோ தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தூக்கமில்லாமல் இருப்பார்கள். அவருக்கோ அப்படி ஒரு படிவம் இருப்பதே நினைவில் இருக்காது.

மறதியால் வந்த தாமதமானாலும் இழப்பு நிஜமானது. அக்கா மகளின் நிறுவனத்தில் ஏப்ரல் சம்பள உயர்வு, மார்ச் 31-க்குள் உறுதி செய்யப்பட்டவர்களுக்கு மட்டும். ஈட்டிய விடுப்பும் குடும்ப மருத்துவக் காப்பீடும் கன்ஃபர்மேஷனுக்குப் பிறகுதான். சம்பள உயர்வையும் காப்பீட்டையும் நிறுவனம் தன் விருப்பப்படி தள்ளி வைக்கலாம். பி.எஃப். அப்படியல்ல. திட்டத்தின் கீழ் வரும் ஊழியருக்கு அது சேர்ந்த நாளிலிருந்து பிடிக்கப்பட வேண்டியது. 'கன்ஃபர்ம் ஆனதும் பி.எஃப். போடுவோம்' என்று சொன்னால் அது தவறு. பணிக்கொடைக்கான ஐந்து ஆண்டுக் கணக்கும் சேர்ந்த நாளிலிருந்தே ஓடும். உறுதி செய்த நாளிலிருந்து அல்ல.

அவள் விஷயம் பொங்கலோடு முடியவில்லை. ஜனவரி கடைசியில் வேறொரு நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்தது. 2025 பிப்ரவரி 3-ஆம் தேதி, 15 நாள் நோட்டீஸ் சொல்லி ராஜினாமா கொடுத்தாள். எச்.ஆரிடமிருந்து பதில் வந்தது: டிசம்பர் 9-ஆம் தேதியே ஆறு மாதம் முடிந்துவிட்டதால் நீங்கள் உறுதி செய்யப்பட்டவர்; 60 நாள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மீதி 45 நாளுக்குப் பணம் கட்ட வேண்டும்.

அவள் மொத்தச் சம்பளம் மாதம் 26,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 14,000. 45 நாள் என்பது ஒன்றரை மாதம். மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் 39,000 ரூபாய், அடிப்படையில் கணக்கிட்டால் 21,000. (எதன் மேல் கணக்கிடுவது என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும். அவள் கடிதம் சொல்லவில்லை.) ஏழெட்டு மாதம் வேலை பார்த்த பெண்ணுக்கு இரண்டுமே பெரிய தொகை. அழுதுகொண்டு போன் செய்தாள். ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன்: 'என் பணியை உறுதி செய்த கடிதத்தின் நகலைத் தயவுசெய்து அனுப்பவும்.' அப்படி ஒரு கடிதம் இல்லை. அவர்கள் எழுதிய வாக்கியம் அவர்களையே கட்டியது. இரண்டு நாள் கழித்து, 15 நாள் போதும் என்று பதில் வந்தது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதே பிப்ரவரியில் நிறுவனம் அவளை அனுப்ப நினைத்திருந்தால்? கடிதத்தின்படி 15 நாள் நோட்டீஸ் போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கடிதத்துக்கு மேலே சட்டம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது. விசாரணை நடத்தி நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸில் விலக்கு. மீறினால் தொழிலாளர் துறையின் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பிரிவு கேட்பது ஆறு மாத வேலையை. கன்ஃபர்மேஷன் கடிதத்தை அல்ல. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தொழிற்சாலைகளுக்கு வேறு சட்டங்கள். ஆனால் அலுவலகத்தில் சேரும் புதியவர்களில் மிகப் பலருக்கு இது பொருந்தும். இப்படி ஒன்று இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆறு மாதத்துக்குள் அனுப்புவது நிறுவனத்துக்கு எளிது. வேலை எதிர்பார்த்த அளவில் இல்லை என்று சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் தகுதி போதவில்லை என்பது வேறு, தப்பு செய்தார் என்பது வேறு. பணத்தைக் கையாடினார், பொய்ச் சான்றிதழ் கொடுத்தார் என்று குற்றம் சாட்டி, அவர் தரப்பைக் கேட்காமல் அனுப்பினால் அதற்குப் பெயர் தண்டனை. ஹைதராபாத் போலீஸ் அகாடமியில் பயிற்சியில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி அனூப் ஜெய்ஸ்வால், காலைப் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததையொட்டி விடுவிக்கப்பட்டார். ஆணையில் குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. 1984-இல் உச்ச நீதிமன்றம் ஆணைக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்து, இது விசாரணையில்லாமல் கொடுத்த தண்டனை என்று ரத்து செய்தது. அரசு ஊழியருக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு, தனியாரில் அது அப்படியே கிடைக்காது. ஆனாலும் விடுவிப்புக் கடிதத்தில் உங்கள் நேர்மையைக் குறை சொல்லும் வார்த்தை இருந்தால், அதை அப்படியே கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளாமல், மறுத்து ஒரு பதில் எழுதி வையுங்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது அந்தக் கடிதம் உங்களோடு வரும்.

நீட்டிப்புக் கடிதம் வந்தால் பலர் ஒடிந்துபோகிறார்கள். அதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. எந்தத் தேதிவரை நீட்டிப்பு, எந்தக் குறைக்காக, என்ன சரியாக வேண்டும் என்று எழுதியிருந்தால், உங்களை வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். காரணமும் தேதியும் இல்லாமல் 'மறு உத்தரவு வரை' என்றிருந்தால் அன்றைக்கே காரணத்தைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீண்ட நாள் விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்களுக்குச் சமமாக நீட்டுவதும் வழக்கம்; அது உங்கள் வேலையைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

அக்கா மகள் புதிய நிறுவனத்தில் மார்ச் 3-ஆம் தேதி சேர்ந்தாள். அங்கேயும் ஆறு மாதம், அங்கேயும் 'எழுத்துமூலம்' என்ற அதே வாக்கியம். ஆகஸ்ட் 18-ஆம் தேதிக்குப் போனில் நினைவூட்டல் வைத்திருந்தாள். அன்று மேலாளருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல்: 'என் தகுதிகாண் காலம் செப்டம்பர் 2-ஆம் தேதி முடிகிறது. மதிப்பீடு நடந்துவிட்டதா, நான் மேம்படுத்திக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.' மேலாளர் அன்று மதியமே கூப்பிட்டு, படிவத்தைத் திறக்கவே இல்லை என்று சொல்லி, அவளை உட்காரவைத்தே நிரப்பினாராம்.

கடிதம் செப்டம்பர் 9-ஆம் தேதியிட்டு வந்தது. படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். "ஒரு வாரம் லேட் மாமா, பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தாள். கடிதத்தின் தேதியைப் பார்க்காமல் இரண்டாவது பத்தியைப் பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தது: செப்டம்பர் 3 முதல் பணி உறுதி செய்யப்படுகிறது.