நான்கு எழுத்துப் பூட்டு

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானிலும், 1995 செப்டம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. மூன்று இடங்களிலும் விற்ற கருவி ஏறத்தாழ ஒன்றுதான். கேம் வட்டும் ஒரே அளவு, ஒரே வகை. ஆனாலும் ஜப்பானில் வாங்கிய வட்டை ஐரோப்பியக் கருவியில் போட்டால் கேம் தொடங்காது. மூடியை மூடியதும் வட்டு சுழலும், லேசர் முனை நகரும் ஓசை கேட்கும். சற்று நேரத்தில் திரையில் "Please insert PlayStation CD-ROM" என்ற வரி வந்து நிற்கும். உள்ளே இருப்பது காசு கொடுத்து வாங்கிய அசல் பிளேஸ்டேஷன் வட்டுதான். அதைக் கருவி ஏற்க மறுப்பதற்குக் காரணம், ‘ரீஜன் லாக்’ எனப்படும் வட்டாரப் பூட்டு.

இந்தப் பூட்டு பிளேஸ்டேஷனோடு பிறந்ததல்ல. அதற்கு முந்தைய நின்டென்டோ கருவிகளில் கேட்ரிட்ஜின் வடிவமே பூட்டாக இருந்தது. அமெரிக்காவில் விற்ற சூப்பர் நின்டென்டோவின் செருகுவாயில் இரண்டு சிறு பிளாஸ்டிக் முட்டுகள் இருந்தன. ஜப்பானியக் கேட்ரிட்ஜ் அவற்றில் இடித்து உள்ளே இறங்காது. முட்டுகளைக் குறட்டால் உடைத்து எடுத்துவிட்டால் அதே கேம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது. குறுந்தட்டில் இந்த வழி செல்லாது. எந்த நாட்டில் அச்சிட்டாலும் தட்டின் விட்டம் 12 செ.மீ. தான். ஆகவே சோனி தன் பூட்டைத் தட்டின் தடத்துக்குள்ளேயே வைத்தது.

குறுந்தட்டில் தகவல், கொசுவர்த்திச் சுருள் போல நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றிச் செல்லும் ஒரே தடத்தில் பதிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் 600-க்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கும். சாதாரணப் பாட்டுத் தட்டில் இந்தத் தடம் சீராகச் செல்லும். பிளேஸ்டேஷன் தட்டில், நடுத்துளையை ஒட்டிய தொடக்கப் பகுதியில் மட்டும், தடம் இருபுறமும் மிக நுண்ணிய அளவில் நெளிந்து நெளிந்து செல்கிறது. லேசர் முனை தடத்தை விட்டு விலகாமலிருக்க ஒவ்வொரு கணமும் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். அந்தத் திருத்தத்தின் ஏற்ற இறக்கத்தையே கருவியில் உள்ள ஒரு சில்லு எழுத்துகளாக வாசிக்கிறது. கிடைப்பவை நான்கே எழுத்துகள். ஜப்பானியத் தட்டு என்றால் SCEI, அமெரிக்கத் தட்டு என்றால் SCEA, ஐரோப்பியத் தட்டு என்றால் SCEE. கருவிக்குள்ளும் அதன் வட்டாரத்துக்குரிய நான்கு எழுத்துகள் உண்டு. இரண்டும் பொருந்தினால் கேம் தொடங்கும். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் தொடங்காது.

இந்த எழுத்துகள் தட்டின் தகவலுக்குள் இல்லை, தடத்தின் நெளிவில் இருக்கின்றன. அதனால் கணினியில் தட்டை முழுமையாகப் படித்து நகலெடுத்தாலும் அவை நகலுக்கு வருவதில்லை. நகல் தடுப்புக்கு இது நல்ல உத்தி. ஆனால் நகலைத் தடுக்கும் பூட்டும் நாட்டைத் தடுக்கும் பூட்டும் இங்கே ஒன்றாகிவிட்டன. திருட்டு நகல் வைத்திருப்பவரையும் வெளிநாட்டில் முழு விலை கொடுத்து அசல் வாங்கியவரையும் கருவி ஒரே மாதிரி திருப்பி அனுப்புகிறது. இதில் இரண்டாமவருக்கு நடப்பது அநியாயம்.

நிறுவனங்களின் பக்கத்தில் காரணம் இருக்கிறது. ஒரே கேமை ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு வெளியீட்டாளர் விற்கலாம், விலையும் வெளியீட்டு நாளும் வேறுபடலாம். ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ ஜப்பானில் 1997 ஜனவரியில் வந்தது. மொழிபெயர்ப்பு முடிந்து அமெரிக்காவுக்குச் செப்டம்பரிலும் ஐரோப்பாவுக்கு நவம்பரிலும்தான் வந்தது. பூட்டு இல்லாவிட்டால் அமெரிக்கத் தட்டுகள் முன்னதாகவே ஐரோப்பாவுக்குப் போயிருக்கும். ஆனால் வரவே வராத கேம்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. ‘ஸீனோகியர்ஸ்’, ‘குரோனோ கிராஸ்’ இரண்டும் ஆங்கிலத்தில் அமெரிக்காவில் வெளிவந்தன. ஐரோப்பாவில் பிளேஸ்டேஷனுக்கு அவை வெளியாகவே இல்லை. அங்கே காப்பாற்றப்பட வேண்டிய விற்பனை எதுவும் இல்லாதபோதும் பூட்டு மட்டும் இருந்தது.

பூட்டைத் திறக்க வந்தது ‘மாட் சிப்’. எட்டுக் கால்கள் கொண்ட இந்தச் சிறு சில்லைச் சில கம்பிகளால் கருவியின் பலகையில் பற்றவைப்பார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. கருவி கேட்கும் நான்கு எழுத்துகளைத் தானே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். இதற்குப் பதிலடியாகச் சில கேம்கள், விளையாட்டு தொடங்கிய பின் தொடக்கப் பகுதிக்கு வெளியே லேசர் இருக்கும்போது மறுபடி சோதித்தன. நெளிவே இல்லாத இடத்தில் எழுத்துகள் வந்தால் சில்லு இருப்பது தெரிந்துவிடும், கேம் நின்றுவிடும். அதற்கு மறுபதிலாக, கேம் தொடங்கியதும் வாய்மூடிக்கொள்ளும் சில்லுகள் வந்தன. ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2005-இல், இத்தகைய சில்லை விற்பது அப்போதைய பதிப்புரிமைச் சட்டத்தை மீறியதாகாது என்று தீர்ப்பளித்தது. தட்டிலுள்ள குறியீடு நகலெடுப்பதைத் தடுப்பதில்லை, நகலெடுத்ததை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது என்பது அதன் அடிப்படை.

பூட்டு திறந்தாலும் இன்னொரு தடை இருந்தது: தொலைக்காட்சி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அன்றைய தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படத்தை வரைந்தது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பயன்பட்ட பால் முறையில் 50 முறை. பல கேம்கள் தம் வேகத்தை இந்த எண்ணிக்கையை வைத்தே கணக்கிட்டன. அவற்றைச் சரிவர மாற்றியமைக்காமல் ஐரோப்பாவில் வெளியிட்டபோது ஓட்டம் ஆறில் ஒரு பங்கு குறைந்தது, படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. பால் தொலைக்காட்சியில் அமெரிக்கத் தட்டு கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ படம் மேலே உருண்டாலோ, பூட்டு ஏற்கெனவே திறந்துவிட்டது என்று பொருள். கோளாறு படமுறையில் இருக்கிறது.

இன்று தட்டின் மீதான பூட்டு பெரும்பாலும் போய்விட்டது. பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றிலும் நின்டென்டோ ஸ்விட்சிலும் எந்த நாட்டுக் கேமும் பொதுவாக ஓடும். பூட்டு கணக்குக்கும் இணையக் கடைக்கும் இடம் மாறியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த பிளேஸ்டேஷன் 4 தட்டு இந்தியாவில் உள்ள கருவியில் நன்றாகவே ஓடும். அதே கேமின் கூடுதல் பகுதியை இந்தியக் கணக்கில் காசு கட்டி இறக்கினால், இறங்கும், நிறுவப்படும், ஆனால் கேமுக்குள் தென்படாது. அமெரிக்கப் பதிப்புக்கும் இந்தியக் கடை விற்கும் பதிப்புக்கும் அடையாள எண் வேறு. கூடுதல் பகுதி தன் எண்ணுக்குரிய கேமை மட்டுமே தேடும். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இன் மலிவான ஜப்பானிய வகையில், ஜப்பான் என்று பதிந்த கணக்கை மட்டுமே இணைக்க முடியும்.

வெளிநாட்டுத் தட்டு வாங்குபவர்கள் உறையின் முதுகுப் பக்கத்தில் CUSA அல்லது PPSA என்று தொடங்கும் எண்ணை முதலில் பாருங்கள். கூடுதல் பகுதிகளை வாங்கும் எண்ணம் இருந்தால், உங்கள் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்தக் கடையின் பதிப்பையே வாங்குங்கள்.