ஐந்து வரியில் ஒரு சிபாரிசு

எங்கள் குழுவில் டெஸ்டராக இருந்த பெண்ணுக்கு ஒரு புதன்கிழமை காலை ஹெச்.ஆரிடமிருந்து அழைப்பு வந்தது. மதியத்துக்குள் அவருடைய ஆபீஸ் மெயில் முடங்கிவிட்டது. சாயங்காலம் போனில், "தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்கக்கா" என்றார். அன்றிரவே நாற்பது பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினேன்: "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எல்லோருடனும் ஒத்துப்போவார். வாய்ப்பிருந்தால் சொல்லவும்." மூன்று பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அதை நானே படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதில் பொய் இல்லை. ஆனால் யாரைப் பற்றியும் அப்படி எழுதிவிடலாம். அதைப் படிப்பவர் நேராக வேலை கொடுக்கப் போவதில்லை. தன் கம்பெனியில் யாரிடமாவது சொல்வார். அவருக்கோ இந்தப் பெண்ணைத் தெரியாது. எந்த வேலைக்கு, எத்தனை வருட அனுபவம், எந்த ஊர் என்பது தெரியாவிட்டால் அவர் யாரிடம் போய் என்னவென்று சொல்வார்?

யாருக்கு அனுப்புவது என்பதையும் அப்போது யோசித்தேன். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களை விசாரித்து, 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது பார்ப்பவர், அபூர்வமாகப் பார்ப்பவர் வழியாகவே தகவல் வந்திருக்கிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். எட்ட இருப்பவர்தான் வேறு இடத்துச் செய்தியை அறிந்திருப்பார். அதனால் இந்த முறை பழைய கம்பெனிகளில் கூட வேலை பார்த்த, வருடக்கணக்கில் பேசாத எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தேன்.

அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். முதல் தடவை கேட்காமல் விட்டது பெரிய தவறு. அந்த நாற்பது பேரில் ஒருவர் அவருடைய ஊர்க்காரர். வேலை போன விஷயத்தை அவர் வீட்டில் சொல்வதற்கு முன்பே அம்மா காதுக்குப் போய்விட்டது. இதை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது.

அவரிடம் கேட்டுத் திருத்தி ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இப்படி வரும்:

"பணம் செலுத்தும் ஆப் ஒன்றில் என்னுடன் மூன்று வருடம் டெஸ்டராக வேலை பார்த்தவர். மொத்தம் ஐந்து வருட அனுபவம். கையாலும் செய்வார், ஆட்டோமேஷனும் எழுதுவார். சிக்னல் மோசமாக இருக்கும்போது பட்டனை இருமுறை அழுத்தினால் ரீஃபண்ட் இரண்டு தடவை போவதை, வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு கண்டுபிடித்தவர் இவர்தான். எந்த போன், எந்த வெர்ஷன், எந்தப் படியில் பிழை என்று எழுதிக் கொடுப்பதால் டெவலப்பர் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது. ஆட்குறைப்பில் வேலை போனது. சென்னையில் உடனே சேரத் தயார்."

ரீஃபண்ட் கதை ஒன்றே ஒன்றுதான். ஆனால் யாரும் யோசிக்காத சூழ்நிலையில் வைத்துச் சோதிப்பவர் என்பது அதிலேயே விளங்கிவிடுகிறது; "திறமைசாலி" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிளையன்ட் பெயரையும் தொகையையும் எழுதவில்லை. ஆபீஸ் ரகசியத்தை வெளியே சொன்னால் மாட்டிக்கொள்பவர் அவராகவும் இருக்கலாம். ஆட்குறைப்பு என்பதை மறைக்கவில்லை. மறைத்தால் ஏன் உடனே சேர முடிகிறது என்ற சந்தேகம் எழும்.

கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தேன்: அவரிடம் கேட்காமல் ரெஸ்யூமை உங்கள் கம்பெனி போர்ட்டலில் ஏற்ற வேண்டாம். பல கம்பெனிகளில் யார் முதலில் ஏற்றினார்களோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் சில மாதங்களுக்கு நிற்கும். ஏதோ ஒரு கன்சல்டன்சி பொருந்தாத வேலைக்கு ஏற்றிவிட்டால், சரியான இடத்துக்கு அனுப்பும்போது "ஏற்கெனவே உள்ளது" என்று திரும்பிவிடும். எட்டுப் பேரில் யார் யாருக்குப் பேசினார்கள் என்பதை அவரே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள், ஏழு வருடம் முன்பு எனக்கு மேனேஜராக இருந்தவர் போன் செய்தார். எடுத்தவுடனே, "சரிம்மா, அந்தப் பொண்ணுக்கு எது வராது, அதைச் சொல்லு" என்றார். தயங்கினேன். ஆனாலும் உள்ளதைச் சொன்னேன்: "ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான பேர் வந்தா ஆப் தாங்குமான்னு பார்க்கிற டெஸ்ட் அவங்க செஞ்சதில்லை சார். கத்துக்கணும்."

"அதுக்கு எங்ககிட்ட வேற ஆள் இருக்கு. ரெஸ்யூமை அனுப்பச் சொல்லு" என்றார்.