‘வீட்ல பேசிட்டுச் சொல்றேண்ணா’

கல்யாண ஸ்டூடியோக்காரர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. சொன்னவர் அதன்பிறகு பேசவே மாட்டார். ரேட்தான் காரணம் என்று முடிவுகட்டி, அடுத்து வருபவருக்குச் சில ஆயிரங்களைக் குறைத்துச் சொல்வார் ஸ்டூடியோக்காரர். அது உண்மையா என்று பார்க்க, அவருடைய வாட்ஸ்அப்பே போதும்.

கடைசியாக வந்த 40 விசாரிப்புகளை ஒரு நோட்டில் எழுத வேண்டும். கேட்டது யார், எந்தத் தேதிக்கு, முதல் பதில் எப்போது போனது, கடைசி மெசேஜ் யாருடையது. கடைசிக் கேள்விதான் முக்கியம். பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்பதை அதுதான் காட்டும்.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். 40 பேரில் 6 பேர் கேட்ட முகூர்த்தம் ஏற்கெனவே புக் ஆகிவிட்டது. அவர்களைத் தனியே எடுத்துவிட வேண்டும். அது கைநழுவிய வியாபாரம் அல்ல. 3 பேருக்குப் பதிலே போகவில்லை. பெரும்பாலும் அவை முகூர்த்த நாளில் வந்தவையாக இருக்கும்; விடியும் முன்பே மண்டபத்தில் நிற்பவர் போனை எங்கே பார்ப்பது? மீதி 31 பேருக்குக் கொட்டேஷன் போனது. அதன்பின் பேசியவர்கள் 12 பேர், அட்வான்ஸ் கொடுத்தவர்கள் 8 பேர்.

ஆக, 19 பேர் கொட்டேஷனைப் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள். எல்லாவற்றிலும் கடைசி மெசேஜ் ஸ்டூடியோவுடையதுதான்: ஒரு பிடிஎஃப், கீழே ‘பாத்துட்டுச் சொல்லுங்க’. ரேட் அதிகம் என்று ஒருவரும் எழுதவில்லை.

கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் புரியும். முக்கால்வாசி மாப்பிள்ளையோ பெண்ணோதான். பணம் கொடுப்பவர் அப்பா, கருத்துச் சொல்பவர் சித்தப்பா. அந்த பிடிஎஃப் குடும்ப குரூப்புக்குப் போகிறது. ‘கேண்டிட் 1, டிரெடிஷனல் 1, சினிமாட்டிக் 1’ என்று இருந்தால், “ஒரு கல்யாணத்துக்கு எதுக்குப்பா மூணு பேரு?” என்கிறார் சித்தப்பா. பதில் சொல்லத் தெரிந்தவர் அந்த குரூப்பில் இல்லை.

எனவே மாற்ற வேண்டியது ரேட்டை அல்ல, கொட்டேஷன் போகும் விதத்தை. அனுப்பும் முன் ஒரு போன்: முந்தின நாள் ரிசப்ஷன் உண்டா, செலவு ஒரு வீட்டாருடையதா இரண்டு வீட்டாருடையதா, வீட்டில் யாரிடம் பேச வேண்டும்? கொட்டேஷனோடு, தாலி கட்டும்போது ஒருவர் மேடையில் நேராகவும் இன்னொருவர் பெண்ணின் அம்மா முகத்தையும் எடுப்பார் என்று பெரியவர்களுக்குப் புரியும்படி ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். தேதியை எதுவரை பிடித்து வைப்போம் என்ற ஒரு வரி. மூன்றாம் நாள் நாமே ஒரு போன்.

அடுத்த 40 பேருக்கும் இதே நோட்டைப் போட்டு, 31க்கு 12 என்பது ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஆடியில் வந்தவர்களைத் தையில் வந்தவர்களோடு ஒப்பிடக் கூடாது. ஆடியில் கேட்பவருக்கு ஆவணியில் கல்யாணம். சில நாட்களில் முடிவெடுத்தே ஆக வேண்டும். தையில் கேட்பவர் வைகாசிக்காகக் கேட்டால், நிதானமாக நாலு ஸ்டூடியோ பார்ப்பார்.