குரலுக்கு ஒரு டிராக், கேமுக்கு ஒரு டிராக்

கேம் வீடியோவில் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது காதில் விழாவிட்டால் அரை நிமிடம்கூட நிற்கமாட்டார்கள். புதிதாகச் சேனல் தொடங்குபவர்கள் பலர் தங்கள் குரல், துப்பாக்கிச் சத்தம், பின்னணி இசை மூன்றையும் ஒரே ஒலியாகக் கலந்து பதிவு செய்துவிடுகிறார்கள். பிறகு வெடிச்சத்தத்தை மட்டும் குறைக்க நினைத்தாலும், பதிப்புரிமைக் கோரிக்கை வந்த பாட்டை மட்டும் எடுக்க நினைத்தாலும் வழியிருக்காது.

ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் இதற்குத் தீர்வு இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஜி.டி.ஏ. 5 விளையாடிப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். படத்துக்கு Sources பெட்டியில் Game Capture சேர்த்தால் போதும். லேப்டாப்பில் படம் வராமல் கறுப்பாகவே இருந்தால், பெரும்பாலும் கேம் ஒரு கிராஃபிக்ஸ் சிப்பிலும் ஓபிஎஸ் இன்னொன்றிலும் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸின் Graphics அமைப்புக்குப் போய் ஓபிஎஸ்ஸையும் High performance என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது ஒலி. கேமின் சத்தத்தை மட்டும் பிடிக்க Application Audio Capture சேர்த்து அதில் கேமைத் தேர்ந்தெடுங்கள். உடனே Desktop Audio-வை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே சத்தம் இருமுறை பதிவாகி எதிரொலிபோலக் கேட்கும். பிறகு Advanced Audio Properties பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ஒலிக்கும் எதிரே ஆறு கட்டங்கள் தெரியும். மைக்குக்கு 1, 2 ஆகியவற்றில் மட்டும், கேமுக்கு 1, 3 ஆகியவற்றில் மட்டும் டிக் இருக்கட்டும், மற்றவற்றில் எடுத்துவிடுங்கள். முதல் டிராக்கில் எல்லாம் கலந்திருக்கும், இரண்டாவதில் குரல் மட்டும், மூன்றாவதில் கேம் மட்டும். Output அமைப்பை Advanced ஆக்கி, Recording பகுதியிலும் இந்த மூன்று டிராக்குகளையும் டிக் செய்ய வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். சாதாரண வீடியோ பிளேயர் முதல் டிராக்கை மட்டுமே ஒலிக்கும் என்பதால், பிரிந்து பதிவாகியிருக்கிறதா என்பதை எடிட்டிங் மென்பொருளில் போட்டுப் பாருங்கள்.

கோப்பு வகையாக MKV இருக்கட்டும். பதிவின் நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். வழக்கமான MP4 கோப்பு அப்படி நின்றால் திறக்காமலே போகலாம். எடிட்டிங்குக்கு MP4 தேவையென்றால் Remux Recordings மூலம் தரம் குறையாமல் மாற்றிக்கொள்ளலாம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் 'ப' ஒலி வெடிக்காது. இயல்பாகப் பேசும்போது ஓபிஎஸ் அளவுகோல் மஞ்சளில் ஆட வேண்டும், கேம் பச்சைக்குள்ளேயே இருக்க வேண்டும். மஞ்சள் தொடங்குவது -20 டெசிபலில், சிவப்பு -9இல். மின்விசிறி இரைச்சலை Noise Suppression பெருமளவு குறைத்துவிடும். உற்சாகத்தில் கத்தினால் ஒலி 0 டெசிபலைத் தொட்டு உடைந்துவிடும், அதைப் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம். எனவே மைக்கில் Limiter ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து, ஒரு நிமிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

கத்துவதால் மட்டும் வர்ணனை கலகலப்பாகிவிடாது. "இப்போ இடதுபக்கம் திரும்புறேன்" என்பதைப் பார்ப்பவர் திரையிலேயே காண்கிறார். "போலீஸ் பாலத்துல நிக்கும்னு தோணுது, அதனால சாக்கடை வழியா போறேன்" என்றால், அது பலிக்குமா என்று காத்திருப்பார். திட்டத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அது தவறும்போது வரும் சிரிப்பும் இயல்பாக இருக்கும்.

இசையை விளையாடும்போதே ஓடவிடாதீர்கள். காட்சியை வெட்டும் இடத்திலெல்லாம் பாட்டும் துண்டாகிக் குதிக்கும். எடிட்டிங்கில் தனியாகச் சேர்த்தால், சிக்கல் வரும்போது வேறு இசையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜி.டி.ஏ.வில் காரில் ஏறியதும் ஓடும் ரேடியோ, கேம் டிராக்கிலேயே பதிவாகிவிடும். அவை உரிமம் பெற்ற உண்மையான பாடல்கள். கேமை விலைக்கு வாங்கியதால் அவற்றை யூடியூபில் ஒலிபரப்பும் உரிமை நமக்கு வந்துவிடாது. ஆகவே ரேடியோவை அணைத்துவிட்டு விளையாடுங்கள். சைபர்பங்க் 2077 போன்ற கேம்களில் இதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

முப்பது வினாடிக்குள் பயன்படுத்தினால் பாதகமில்லை என்ற பேச்சு தவறு. யூடியூபின் கன்டென்ட் ஐடி, பாட்டின் சிறு துண்டையும் கண்டுபிடிக்கக்கூடியது. அந்தக் கோரிக்கையால் பெரும்பாலும் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். உரிமையாளர் வீடியோவையே நீக்கச் சொல்லி ஸ்ட்ரைக் வந்தால் நிலைமை வேறு. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம்.

யூடியூப் ஸ்டூடியோவின் Audio Library-யில் உள்ள இசை பாதுகாப்பானது. அங்கே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதை எடுத்தால், அது தரும் பெயர்க்குறிப்பை வீடியோ விளக்கத்தில் அப்படியே ஒட்ட வேண்டும். பதிவேற்றும்போது Checks என்ற கட்டம் முடியும்வரை வீடியோவை Private ஆகவே வைத்திருங்கள். ஏதாவது பாட்டு பிடிபட்டால், எடிட்டிங்கில் அந்த இசையை மாற்றிப் புதிதாக ஏற்றிவிடலாம்.