கவுன்டரில் கத்தினார்கள் என்ற புகாருக்கு என்ன பதில்?

மருத்துவமனையின் கருத்துப் படிவத்தில் ஒருவர் எழுதுகிறார்: "செவ்வாய் காலை 11 மணிக்கு பில்லில் சந்தேகம் கேட்டேன். 'படிக்கத் தெரியாதா?' என்று எல்லார் முன்னாலும் கத்தினார்கள்."

மறுநாளுக்குள் பதில் போக வேண்டும். "ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்ற வழக்கமான வரி வேண்டவே வேண்டாம். பட்டவரை அது இன்னொரு முறை அவமதிக்கிறது. இப்படி எழுதலாம்: "செவ்வாய் காலை பில் கவுன்டரில் உங்களைப் பலர் முன் கடுமையாகப் பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறோம். விசாரித்து, வெள்ளிக்கிழமைக்குள் நானே அழைக்கிறேன்." கீழே பெயர், பதவி, தொலைபேசி எண். ஊழியர் தவறு செய்தார் என்று இப்போதே எழுதக்கூடாது. அவர் தரப்பை இன்னும் கேட்கவில்லையே!

முதலில் சிசிடிவி பதிவை எடுத்து வையுங்கள். நாளானால் அதன் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். பல கேமராக்களில் குரல் பதிவாகாது. ஆனாலும் கூட்டமும் முகபாவமும் தெரியும். டியூட்டி பட்டியலில் அந்த நேரத்தில் இருந்தவரைக் கண்டுபிடித்து, தனியாக உட்காரவைத்து, "என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கத்து கவுன்டர்காரரையும் காவலாளியையும் தனித்தனியே கேளுங்கள். மூன்று கவுன்டரில் ஒன்றுதான் திறந்திருந்தது என்று தெரியவரலாம். அப்படியானால் ஆள் போடாத மேலாளரும் பதில் சொல்ல வேண்டும். அதற்காகக் கத்தியது சரியாகிவிடாது.

வெள்ளிக்கிழமை அழைத்து, விசாரணையில் தெரிந்ததையும் மாற்றியதையும் சொல்லுங்கள். விசாரணை முடியாவிட்டாலும் அழையுங்கள். சொன்ன நாளில் அழைப்பு வராவிட்டால், அது இரண்டாவது புகார்.