பிழை 1 சதவீதம், ஆனாலும் மாடல் தேறவில்லை

மெஷின் லேர்னிங் படிப்பவர்களுக்குத் தேர்வில் தவறாமல் வரும் வினா ஒன்று உண்டு. ஒரு மாடல், பயிற்சித் தரவில் 1 சதவீதம் தவறு செய்கிறது. அதுவரை பார்த்திராத சோதனைத் தரவில் 11 சதவீதம். கோளாறு பயாஸா, வேரியன்ஸா? ஆண்ட்ரூ இங் 2011-ல் இணையத்தில் நடத்தத் தொடங்கிய புகழ்பெற்ற பாடத்திலும் இந்தப் பகுதிக்குத் தனி இடம் இருந்தது.

பத்து வீடுகளின் பரப்பளவும் விற்ற விலையும் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பைக் கொண்டு விலையைக் கணிக்க வேண்டும். புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு போடலாம். ஆனால் விலை முதலில் வேகமாக ஏறி, பெரிய வீடுகளில் மட்டுப்படுகிறது என்றால், கோடு இரு முனைகளிலும் விலையைக் கூட்டியே சொல்லும். வேறு பத்து வீடுகளைக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே கோடு, அதே தவறு. இதுதான் பயாஸ்.

நேர்கோட்டை விட்டு ஒன்பதாம் படிப் பல்லுறுப்புக் கோவையை எடுத்தால், அந்த வளைவு பத்துப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லும். பயிற்சிப் பிழை பூஜ்யம்! அவசரத்துக்கு ஒருவர் அடிமாட்டு விலைக்கு விற்ற வீட்டைக்கூட அது விதியாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் புள்ளிகளுக்கு இடையே தாறுமாறாக ஏறி இறங்கும். ஒரே ஒரு வீட்டை மாற்றினாலும் வளைவின் உருவமே மாறிப்போகும். இந்த நிலையாமைக்கு வேரியன்ஸ் என்று பெயர். தற்செயல்களையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்ட நிலை ஓவர்ஃபிட்டிங்.

இப்போது வினாவுக்கு வருவோம். 1-க்கும் 11-க்கும் இடையே பெரிய பள்ளம். எனவே வேரியன்ஸ். அடுத்த வினாவில் எண்கள் 15, 16 என்றிருக்கும். பள்ளம் சிறிது, ஆனால் பயிற்சியிலேயே தடுமாற்றம். அது பயாஸ்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். பயாஸுக்கு மருந்து கேட்டால் 'இன்னும் தரவு சேர்' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்தாயிரம் வீடுகளைக் கொடுத்தாலும் நேர்கோடு வளையாது. அதற்குத் தேவை வளையத் தெரிந்த மாடல், அல்லது அறை எண்ணிக்கை, கட்டிய ஆண்டு போன்ற கூடுதல் விவரங்கள். தரவு கைகொடுப்பது வேரியன்ஸுக்கு. ஆயிரம் வீடுகள் வந்தால் ஒன்பதாம் படி வளைவால் எல்லாவற்றையும் தொட முடியாது, பொதுப்போக்கைத்தான் பிடித்தாக வேண்டும். தரவு கிடைக்காவிட்டால் ரெகுலரைசேஷன் உண்டு. அதில் λ-வைக் கூட்டினால் வளைவு அடங்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால் மீண்டும் பயாஸ் வந்து நிற்கும்.

இந்த வினாக்களில் எனக்கு ஒரு குறை உண்டு. 15 சதவீதம் அதிகம் என்கிறோமே, எதோடு ஒப்பிட்டு? இரைச்சல் மிகுந்த ஒலிப்பதிவை மனிதர்களே 14 சதவீதம் தவறாகக் கேட்கிறார்கள் என்றால், மாடலின் 15 சதவீதத்தில் திருத்தக்கூடியது ஏறக்குறைய 1 சதவீதம்தான். அங்கே பயாஸ் என்று எழுதுவது தவறான விடை. தேர்வில் மனிதப் பிழை தரப்படாவிட்டால் அதைப் பூஜ்யத்தை ஒட்டியது என்று வைத்து விடை எழுதுங்கள். வேலைக்குப் போன இடத்தில் முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.