துண்டு விழாத கணக்கு

ஆயிரம் கோடி பதிவுகள். ஒவ்வொன்றும் 100 பைட். எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு டெராபைட். இவ்வளவையும் வரிசைப்படுத்தும் வேலையைச் சுமார் 1,800 கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள் கூகுள் பொறியாளர்களான ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும். 891 விநாடிகளில் வேலை முடிந்தது. பிறகு அதே வேலையை மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை பாதி வழியில், 1,746 வொர்க்கர்களில் 200 பேரை வேண்டுமென்றே சாகடித்தார்கள். வொர்க்கர் என்றால் இங்கே ஆள் இல்லை, பங்கு வேலையைச் செய்யும் நிரல். அப்படியும் வேலை 933 விநாடிகளில் முழுமையாக முடிந்தது. கூடுதலாகப் பிடித்த நேரம் 5 சதவீதம்தான்.

2004-ல் வெளிவந்த ‘மேப்ரெடியூஸ்’ என்ற ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சோதனை இருக்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுப்பது பெரிய வித்தையல்ல. பங்குதாரர்களில் ஒருவர் பாதியில் விழுந்தால் மொத்தக் கணக்கை எப்படிச் சரியாகச் சொல்வது என்பதுதான் சிக்கல்.

முதலில் அவர்கள் பிரித்த விதத்தைப் பார்க்கலாம். 1,700 பேர் இருக்கிறார்கள் என்பதற்காக 1,700 பங்கு போடவில்லை. 64 மெகாபைட் அளவில் சுமார் 15,000 துண்டுகளாக நறுக்கினார்கள். ஒரு வொர்க்கர் ஒரு துண்டை முடித்ததும் அடுத்ததை வாங்கிக்கொள்ளும். இதனால் ஒன்று விழுந்தாலும் அதனிடம் இருந்த சில சிறு துண்டுகள் மட்டுமே திரும்ப வரும். அவற்றைப் பலருக்கும் பகிர்ந்து கொடுத்துவிடலாம். பெரிய பங்காக இருந்திருந்தால் ஒருவர் சுமை அப்படியே இன்னொருவர் தலையில் விழும், மற்றவர்கள் சும்மா காத்திருப்பார்கள்.

இவர்களுக்கெல்லாம் மேலே ‘மாஸ்டர்’ என்று ஒரு நிரல் இருக்கிறது. அது தரவைத் தொடுவதில்லை, பேரேடு மட்டும் எழுதும். ஒவ்வொரு துண்டும் இன்னும் தொடங்கவில்லையா, யாரிடமாவது நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று மூன்று நிலைகளில் ஒன்றைக் குறித்து வைக்கும். ஒவ்வொரு வொர்க்கரையும் அவ்வப்போது கூப்பிட்டுப் பார்க்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால், அது போய்விட்டது என்று முடிவுகட்டி அதன் துண்டுகளை மறுபடி ‘தொடங்கவில்லை’ என்று மாற்றிவிடும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. விழுந்த வொர்க்கர் ஏற்கெனவே முடித்த வேலையும் சில சமயம் ரத்தாகும். மேப்ரெடியூஸில் ‘மேப்’, ‘ரெடியூஸ்’ என்று இரண்டு கட்டங்கள். மேப் கட்டத்தின் விளைவு, அதைச் செய்த கணினியின் சொந்த டிஸ்க்கிலேயே இருக்கும். கணினி போனால் விளைவும் போயிற்று, திரும்பச் செய்யத்தான் வேண்டும். ரெடியூஸ் கட்டத்தின் விளைவோ எல்லாரும் எட்டக்கூடிய பொதுக் கோப்பு அமைப்பில் எழுதப்படுகிறது. அதை மறுபடி செய்யத் தேவையில்லை. ஆகவே ‘முடிந்தது’ என்ற குறிப்பு மட்டும் போதாது. முடித்த வேலை இப்போது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

மாஸ்டருக்கு இதைவிடப் பெரிய தலைவலி, செத்ததாக நினைத்தவர் உயிரோடு திரும்பி வருவது. பதில் வராததற்கு வலையமைப்புக் கோளாறுகூடக் காரணமாக இருக்கலாம். ஓர் ஆவணத் தொகுப்பில் குறிப்பிட்ட ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 7-ஆம் துண்டு முதல் வொர்க்கரிடம் இருக்கிறது. அதனிடமிருந்து பதில் இல்லை. மாஸ்டர் அதே துண்டை இரண்டாமவரிடம் கொடுக்கிறது. அது எண்ணி 412 என்கிறது. சற்று நேரத்தில் இணைப்பு சரியாகி, முதல் வொர்க்கரும் 412 என்று அறிக்கை தருகிறது. வந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போகும் நிரலாக இருந்தால் 824 ஏறிவிடும். எங்கும் பிழைச் செய்தி வராது, எண் மட்டும் தவறாக இருக்கும்.

இதைத் தடுக்க, எண்ணிக்கை யாரிடமிருந்து வந்தது என்று பார்க்காமல் எந்தத் துண்டுக்கு உரியது என்று பார்க்க வேண்டும். 7-ஆம் துண்டுக்கு ஏற்கெனவே கணக்கு வந்துவிட்டதென்றால் இரண்டாவது அறிக்கையை மாஸ்டர் ஒதுக்கிவிடும். கோப்புகளிலும் இதே ஒழுங்குதான். ஒவ்வொரு ரெடியூஸ் வொர்க்கரும் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதும், முழுவதும் முடிந்த பிறகே இறுதிப் பெயருக்கு ஒரே வீச்சில் மாற்றும். அதனால் அரைகுறைக் கோப்பு எதுவும் இறுதி விளைவில் கலக்காது.

சில துண்டுகள் யாரிடம் கொடுத்தாலும் விழும். குற்றம் வொர்க்கரிடம் இல்லை, துண்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு கெட்ட பதிவு நிரலைச் சாய்த்துவிடுகிறது. இதற்கும் மேப்ரெடியூஸில் வழி இருந்தது. நிரல் சாயும் தறுவாயில், தான் எந்தப் பதிவில் இருந்தது என்று மாஸ்டருக்கு ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். ஒரே பதிவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை விழுந்தால், அடுத்த முறை அதைத் தாண்டிப் போகச் சொல்லிவிடும் மாஸ்டர்.

இங்கேதான் அறிக்கை எழுதுபவரின் பொறுப்பு தொடங்குகிறது. ஒன்றைத் தாண்டிவிட்டோம் என்றால் விடை இனி முழு விடை அல்ல. மேப்ரெடியூஸை அடியொற்றி உருவான ஹடூப்பில், ஒரு துண்டை வழக்கமாக நான்கு முறை முயன்று பார்ப்பார்கள். நான்கிலும் தோற்றால் வேலை முழுவதும் தோல்வி. `mapreduce.map.failures.maxpercent` என்ற அமைப்பில் 5 என்று கொடுத்தால், 5 சதவீதம் வரை துண்டுகள் விழுந்தாலும் வேலை நிற்காது. இதன் இயல்பு மதிப்பைப் பூஜ்யமாக வைத்திருப்பதிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

தேடல் அமைப்புகள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. அங்கே பயனர் காத்திருக்க மாட்டார். எலாஸ்டிக்சர்ச்சில் தரவு ‘ஷார்டு’ எனப்படும் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஐந்தில் ஒன்று பதில் தராவிட்டாலும், மற்ற நான்கின் விடையை அது கொடுத்துவிடும். பதிலுக்குள் இப்படி ஒரு குறிப்பு இருக்கும்:

```
"_shards": {
  "total": 5,
  "successful": 4,
  "skipped": 0,
  "failed": 1
}
```

ஆனால் பதிலின் HTTP நிலை எண் 200, அதாவது ‘எல்லாம் நலம்’. அதை மட்டும் பார்க்கும் நிரல், நான்கு பங்கின் கூட்டுத்தொகையை ஐந்து பங்கின் தொகையாகக் காட்டிவிடும். `failed` பூஜ்யமா என்று பார்க்க வேண்டியது கேட்டவரின் வேலை.

‘ஐந்தில் நான்கு வந்துவிட்டதே, ஐந்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் ஆயிற்று’ என்று தோன்றலாம். அது பெரும்பாலும் பொருந்தாது. துண்டுகள் குருட்டாம்போக்கில் விழுவதில்லை. அதிகப் பதிவுகள் குவிந்த துண்டுதான் நினைவகம் போதாமல் விழும் அல்லது நேரக்கெடுவைத் தாண்டும். விடுபட்டது மற்றவற்றைப் போன்றதல்ல என்பதால், கூட்டுத்தொகை மட்டுமல்ல, சராசரியும் கோணலாகும்.

அப்படியானால் அரைகுறை விடையை எப்போது ஏற்கலாம்? நம் வாக்கு எண்ணிக்கை மையங்களில் இதற்கு ஒரு நல்ல விதி உண்டு. ஒரு வாக்குப்பதிவு இயந்திரம் முடிவைக் காட்ட மறுத்தால் அதை ஒதுக்கிவைத்து மற்றவற்றை எண்ணுகிறார்கள். வெற்றி வித்தியாசம் அந்த இயந்திரத்தில் பதிவான வாக்குகளைவிட அதிகமென்றால் அதைத் திறக்காமலே முடிவு நிற்கும். குறைவாகவோ சமமாகவோ இருந்தால் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணியாக வேண்டும்.

கணினிக் கணக்குக்கும் இது அப்படியே பொருந்தும். அறிக்கையில் தொகையோடு எத்தனை துண்டுகள் முடிந்தன, எவை விழுந்தன, அவற்றில் எத்தனை பதிவுகள் இருந்தன என்பதும் வர வேண்டும். விடுபட்டது எவ்வளவு என்று தெரிந்தால், அது முடிவைப் புரட்டுமா என்று படிப்பவரே பார்த்துக்கொள்ளலாம். சம்பளப் பட்டியல் போன்ற கணக்கில் ஒரே ஒரு பதிவு விட்டாலும் புரட்டும், ஆகவே விழுந்த துண்டுகளை மட்டும் எடுத்து மறுபடி ஓட்டியே தீர வேண்டும். எந்தத் துண்டு எங்கே நின்றது என்ற பேரேடு இருந்தால், அதற்குப் பிடிப்பது அந்தச் சில துண்டுகளுக்கான நேரம்தான்.